பதினாறு புள்ளி எட்டு

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. தாம்பரத்தில் நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த மூன்று வருடமும் எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் என் ரெக்கார்டைப் பார்த்துத்தான் தங்கள் ரெக்கார்டை எழுதினார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஏறிய தலைக்கனம் மூன்று வருடமும் இறங்கவில்லை.

கெமிஸ்ட்ரி லேபுக்கு இரண்டு நோட்டு வேண்டும். ஒன்று அப்சர்வேஷன் நோட்டு. லேபில் நின்றுகொண்டே, ஈரக்கையோடு, அள்ளித் தெளித்த மாதிரி கிறுக்குவது. வகுப்பு முடியும்போது மேடம் அதில் கையெழுத்துப் போடுவார். இன்னொன்று ரெக்கார்டு. வீட்டில் உட்கார்ந்து, வலது பக்கக் கோட்டுத்தாளில் பேனாவால் எய்ம், பிரின்சிபிள், புரொசீஜர், ரிசல்ட் எல்லாம் எழுதி, இடது பக்க வெள்ளைத்தாளில் பென்சிலால் டேபிளும் கணக்கும் போட வேண்டும். பிரவுன் அட்டை, லேபிள், முதல் பக்கத்தில் இண்டெக்ஸ். கடைசியில் ஹெச்.ஓ.டி. கையெழுத்து விழுந்தால்தான் பிராக்டிகல் பரீட்சைக்கு உள்ளே விடுவார்கள். கைக்கு ஒரு நோட்டு, கண்ணுக்கு ஒரு நோட்டு என்று நான் கிண்டலாகச் சொல்வேன்.

அப்சர்வேஷன் நோட்டில் ரீடிங்கைப் பேனாவால் எழுத வேண்டும் என்பது விதி. எல்லோரும் பென்சிலால்தான் எழுதுவோம். டைட்ரேஷனில் முதல் தடவை 12.3 மில்லி, இரண்டாவது 12.7, மூன்றாவது 12.5 என்று வந்தால் ரப்பர் எதற்கு இருக்கிறது? இரண்டு ரீடிங் ஒன்றுபோல வரும்வரை டைட்ரேஷன் செய்ய வேண்டும் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. நாங்கள் ரீடிங்கை ஒன்றுபோல ஆக்கிக்கொள்வோம். மேடத்துக்கும் தெரியும். இருபத்துநான்கு பேரை ஒற்றை ஆளாக மேய்க்கும் கெஸ்ட் லெக்சரர் அவர். பென்சில் மேலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடுவார்.

பென்சில் எடுக்காதவள் ஒருத்திதான். என் பக்கத்து இடம் அவளுடையது. கோவளத்திலிருந்து வருவாள். கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, வண்டலூர் சுற்றித் தாம்பரம் வந்து சேர்வதற்குள் அவளுக்குப் பாதி நாள் போன மாதிரி இருக்கும். ஆனால் லேபில் அவளுக்கு அவசரமே கிடையாது. ஆர்கானிக் அனாலிசிஸில் மூன்று காலம், அதாவது மூன்று நெடுவரிசை, இருக்கும். எக்ஸ்பெரிமென்ட், அப்சர்வேஷன், இன்ஃபரன்ஸ். நாங்கள் எல்லோரும் சீனியர்களிடம் கேட்டு, கொடுத்திருப்பது என்ன பொருள் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு, இன்ஃபரன்ஸிலிருந்து பின்னாலேயே நடந்து அப்சர்வேஷனுக்கு வருவோம். அவள் முன்னாலிருந்து போவாள். ‘லேசான மஞ்சள். நிச்சயமாகத் தெரியவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே’ என்று எழுதி வைப்பாள்.

"நீ இன்னாடி, எஃப்.ஐ.ஆர். எழுதுறியா?" என்று நான் கேட்பேன்.

"வந்ததத் தான எழுதறேன்," என்பாள். சண்டைக்கு வரவும் மாட்டாள், மாற்றவும் மாட்டாள். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். அவளிடம் கத்திவிட்டு அஞ்சு நிமிஷத்தில் அவள் டப்பாவிலிருந்தே மீன் வறுவல் எடுத்துத் தின்பேன். அப்படி ஒரு சிநேகம்.

கடைசி செமஸ்டரில் அவளுக்கு அம்மை போட்டது. ஒரு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது பல பரிசோதனைகள் விட்டுப்போயிருந்தன. எங்கள் கல்லூரியில் குறைந்தது பன்னிரண்டு பரிசோதனைக்குக் கையெழுத்து இருந்தால்தான் ரெக்கார்டு முழுமையானது என்று கணக்கு. மதிய இடைவேளையில் தனியாக வந்து வந்து செய்து, பதினொன்று வரை எட்டிவிட்டாள். கடைசி லேப் வகுப்பு செவ்வாய்க்கிழமை. அதில் ஒன்று முடித்தால் பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை ரெக்கார்டு கொடுக்க வேண்டும். பிராக்டிகல் பரீட்சை வருடத்துக்கு ஒரு முறைதான். அதைத் தவறவிட்டால் டிகிரிக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் நெற்றியில் விபூதியும் கழுத்தில் மாதா டாலரும் இரண்டும் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்றைய பரிசோதனை பெர்மாங்கனேட்டை வைத்து ஃபெரஸ் சல்ஃபேட்டின் அளவு கண்டுபிடிப்பது. இரண்டு டைட்ரேஷன். முதலில், அளவு தெரிந்த ஒரு இரும்புக் கரைசலில் இருபது மில்லி பிளாஸ்கில் எடுத்து, அதே அளவு நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட் சேர்த்து, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஊதா நிறம் விழ விழ மறையும். மறையாமல் இளஞ்சிவப்பு நின்றுவிட்டால் அதுதான் முடிவு, எண்ட் பாயிண்ட். இதிலிருந்து பெர்மாங்கனேட்டின் வலு தெரியும். இரண்டாவதில், அளவு தெரியாத கரைசலை நூறு மில்லிக்கு நிரப்பி, அதில் இருபது எடுத்து இதே மாதிரி செய்ய வேண்டும். முதல் டைட்ரேஷன் எல்லோருக்கும் சமர்த்தாக வந்தது. எனக்கு 19.6, அவளுக்கும் 19.6.

எங்கள் பக்கம் எட்டுப் பேருக்கு ஒரு ஆசிட் பாட்டில். முதல் டைட்ரேஷன் முடிந்ததும் அது காலி. அட்டெண்டர் அக்கா சாப்பிடப் போயிருந்தார். மூலையில் இரண்டு வெள்ளை கேன் இருக்கும். ஒன்றில் நீர்த்த ஆசிட், இன்னொன்றில் டிஸ்டில்டு வாட்டர். அக்காவைத் தவிர யாரும் தொடக் கூடாது. எனக்குப் பொறுமை ஏது? நானே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் நிரப்பிக்கொண்டு வந்து வைத்தேன். நான்தான் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்பவள் என்று பெருமை வேறு.

இரண்டாவது டைட்ரேஷன் தொடங்கியதும் என் பிளாஸ்கில் ஊதா மறைந்தது, ஆனால் கரைசல் கலங்கியது. ஒன்றிரண்டு மில்லி போனதும் டீத்தூள் கழுவின தண்ணீர் மாதிரி பிரவுனாகிவிட்டது. இளஞ்சிவப்பு எங்கே வரும், எங்கே நிற்கும்? எதுவும் தெரியவில்லை. ஏதோ ஒரு இடத்தில் நிறுத்தினேன். 18.4. மறுபடி செய்தேன். 19.3. எனக்குப் பகீரென்றது. ரெக்கார்டு ராணிக்குக் கடைசி நாளில் டைட்ரேஷன் வரவில்லை என்றால் ஊரே சிரிக்கும். யாரும் பார்ப்பதற்கு முன் பிளாஸ்கை சிங்க்கில் கொட்டிக் கழுவினேன். பிறகு கை துடைக்கப் போகிறவள் மாதிரி ஜன்னல் பக்க டேபிளுக்குப் போய், "உனக்கு எவ்ளோ?" என்று ஒருத்தியிடம் கேட்டேன்.

"பதினாறு புள்ளி எட்டு. ரெண்டு தடவையும்."

எல்லோருக்கும் ஒரே கரைசல்தான் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்தேன். முதல் ரீடிங் 16.7, இரண்டாவது 16.8, மூன்றாவது 16.8 என்று போட்டேன். முதல் ரீடிங்கைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால்தான் பார்ப்பதற்கு நிஜம் போல இருக்கும். இந்த சாமர்த்தியமெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் பக்கம் எட்டுப் பேரில் ஏழு பேர் இதையேதான் செய்தோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியும் தன் கைதான் தப்பு என்று நினைத்து, வாயைத் திறக்காமல் பிளாஸ்கைக் கழுவிவிட்டு ஜன்னல் பக்கம் போய் வந்திருக்கிறாள். எட்டாவது ஆள் மட்டும் தன் நோட்டில் பேனாவால் எழுதினாள். 18.1, 18.9, 17.6. கீழே: ‘பிரவுன் கலங்கல். எண்ட் பாயிண்ட் தெரியவில்லை.’

மேடம் அவள் நோட்டைப் பார்த்தார். பிளாஸ்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சிவப்பு மையில் ‘ரிபீட்’ என்று எழுதினார்.

"ஆசிட் போட்டியா?"

"போட்டேன் மேம். இருபது மில்லி."

"போட்டா இப்படி வராதே. ஆசிட் இல்லன்னாதான் பிரவுனாகும்."

"போட்டேன் மேம்."

மேடத்துக்கு அவள் மேல் கோபம் இல்லை, களைப்புதான். "இன்னிக்கு லாஸ்ட் கிளாஸ்மா. இதுக்கு மேல லேப் திறக்கணும்னா நான் ஹெச்.ஓ.டி.கிட்ட போய் நிக்கணும். என்னன்னு சொல்லி நிக்கறது? கெமிக்கல்ல தப்புன்னு சொல்ல முடியாது. இதே டேபிள்ல மத்த ஏழு பேருக்கும் அழகா வந்திருக்கே. பாரு." என் நோட்டைத்தான் தூக்கிக் காட்டினார். என் 16.8 அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

எங்கள் ஏழு பேரின் அழகான எண்கள் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. நான் பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய பியூரெட்.

சாயங்காலம் இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். ஹெச்.ஓ.டி.யை மேடம் கேட்டுப் பார்த்துவிட்டார். டெக்னிக் சரியில்லாத பிள்ளைக்காக லேப் திறக்க முடியாது, பரீட்சைக்குத் தயார் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிச் சத்தம் காதைப் பிளந்தது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நோட்டக் குடு. அந்தப் பக்கத்தக் கிழிச்சிடலாம். புதுசா ஒரு அப்சர்வேஷன் எழுதி மேம்கிட்ட கெஞ்சிக் கேப்போம். நான் எழுதித் தரேன்," என்றேன்.

"வராத நம்பர எப்டிடி எழுதறது?"

"எல்லாரும் எழுதுறாங்க இல்ல? உனக்கு மட்டும் இன்னா கொம்பா முளைச்சிருக்கு?" கத்திவிட்டேன். பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "உண்மையச் சொல்லு. உனக்கும் பிரவுன்தான வந்துச்சு? நீ கழுவும்போது தண்ணி ஒரு மாதிரி போச்சு."

"இல்ல," என்றேன்.

"இல்லியா?"

"எனக்கு நல்லா பிங்க் வந்துச்சு. உனக்குத்தான் கை சரியில்ல."

கை சரியில்லை என்று வேறு சொன்னேன். ஒரு பொய் போதாதென்று. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பினாள். நான் சொன்னதை அவள் எப்போதும் நம்புவாள். அவளுடைய பஸ் வந்தது, ஏறிப் போனாள். நான் கீழ்க்கட்டளை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, மேடவாக்கம் வரை அவள் மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு வாயில்லை, சாமர்த்தியம் இல்லை, பிழைக்கத் தெரியவில்லை. என்னவெல்லாமோ. என் ஸ்டாப்பை விட்டுவிட்டு இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன்.

வீட்டில் அம்மா வைத்த காபியை ஆறவிட்டு ரெக்கார்டைத் திறந்தேன். மனசு சரியில்லை என்றால் எனக்கு ரெக்கார்டு எழுதினால் சரியாகிவிடும். ஸ்கேல் வைத்து மார்ஜின், கருப்பு மையில் தலைப்பு, நீல மையில் மற்றதெல்லாம். எய்ம் எழுதினேன்: கொடுக்கப்பட்ட கரைசல் முழுவதிலும் உள்ள ஃபெரஸ் சல்ஃபேட்டின் அளவைக் காணல். பிரின்சிபிள் எழுதினேன். அமிலம் இருக்கும்போது பெர்மாங்கனேட் இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அமிலம் போதாவிட்டால் பிரவுன் மாங்கனீஸ் டை ஆக்சைடு உண்டாகும். மூன்று வருடமாக மனப்பாடமாக எழுதுகிற வரி. கை அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது.

புரொசீஜருக்கு வந்தேன். ரெக்கார்டில் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள். பியூரெட் நிரப்பப்பட்டது. கரைசல் எடுக்கப்பட்டது. இருபது மில்லி நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம் சேர்க்கப்பட்டது. அந்த இடத்தில் பேனா நின்றது.

பாட்டிலை நிரப்பும்போது புனலிலிருந்து வழிந்து என் இடது மணிக்கட்டில் ஊற்றியது ஞாபகம் வந்தது. லேப் கோட்டின் கையும் நனைந்தது. நீர்த்த ஆசிட் கையில் பட்டால் கொஞ்ச நேரத்தில் அரிக்கும். குழாயடிக்கு ஓடுவோம். துணியில் பட்டால் அடுத்த சலவையில் பொத்தல் விழும். எங்கள் கோட்டெல்லாம் சல்லடையாக இருப்பது அதனால்தான். எனக்கு அரிக்கவில்லை. நான் துடைக்கக்கூட இல்லை. மணிக்கட்டை டியூப்லைட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். ஒரு தடம் இல்லை. கையில் விழுந்தது வெறும் தண்ணீர்.

கேன் மாறிவிட்டது. எட்டுப் பேருக்கும் ஆசிட் என்று நான் கொண்டுவந்து வைத்தது தண்ணீர். அவள் கை நன்றாகத்தான் இருந்தது. சரியில்லாதது என் கை. அதோடு, எட்டு பிளாஸ்கில் வந்ததை வந்தபடி எழுதி வைத்த ஒரே ஆளைப் பஸ் ஸ்டாப்பில் வைத்து நான் முட்டாளாக்கியிருந்தேன்.

இவ்வளவு தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பக்கத்தை எழுதி முடித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. பாதியில் நிற்கிற பக்கத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. இடது பக்கம் டேபிள் போட்டேன். 16.7, 16.8, 16.8. கணக்கும் போட்டேன். ரிசல்ட்: 2.383 கிராம். அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. மூன்று வருடத்தில் நான் எழுதியதிலேயே அழகான பக்கம் அது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது.

புதன்கிழமை காலை கல்லூரி திறக்கும் முன்பே போய் நின்றேன். அட்டெண்டர் அக்கா லேபைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, லேப் கிளாஸ்தான் முடிஞ்சுபோச்சே?"

"அக்கா, எங்க டேபிள் ஆசிட் பாட்டில கொட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. அப்டியேதான் கீது. எதுக்கு?"

"ஒரு டவுட்டுக்கா. அஞ்சு நிமிஷம்."

இரண்டு டெஸ்ட் டியூப் எடுத்தேன். ஒன்றில் எங்கள் பாட்டிலிலிருந்து கொஞ்சம், இன்னொன்றில் ஜன்னல் பக்கப் பாட்டிலிலிருந்து கொஞ்சம். இரண்டிலும் ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட் போட்டேன்; ஆசிட் என்றால் பொங்கும். ஜன்னல் பக்கத்தது புஸ்ஸென்று பொங்கி வாய்வரை வந்தது. எங்களுடையதில் ஒன்றிரண்டு குமிழ் கிளம்பி நின்றுவிட்டது. பாட்டில் அடியில் மிச்சமிருந்த ஆசிட்டாக இருக்கும்.

அப்சர்வேஷன் நோட்டின் கடைசியில் ஒரு வெள்ளைத்தாள் கிழித்தேன். மூன்று காலம் போட்டேன். பேனாவால். எக்ஸ்பெரிமென்ட்: டேபிள் பாட்டிலில் உள்ள திரவத்தோடு சோடியம் கார்பனேட். அப்சர்வேஷன் காலத்தில் ‘பொங்கவில்லை’ என்று எழுதப் போனேன். சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த ஒன்றிரண்டு குமிழ் வந்ததே. ‘ஒன்றிரண்டு குமிழ்கள் மட்டும், உடனே நின்றுவிட்டன’ என்று எழுதினேன். இன்ஃபரன்ஸ்: பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அதற்குக் கீழே என் உண்மையான ரீடிங் இரண்டையும் எழுதினேன். 18.4, 19.3, பிரவுன் கலங்கல். ஸ்கேல் எடுத்து வரவில்லை. கோடெல்லாம் கோணலாக இருந்தது.

மேடம் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். தாளைக் கொடுத்தேன். ஒரு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"பாட்டில யாரு ஃபில் பண்ணது?"

"நான்தான் மேம்."

"அப்போ பதினாறு புள்ளி எட்டு எங்கிருந்து வந்துச்சு?"

"ஜன்னல் டேபிள்லேர்ந்து."

"உனக்கு மட்டுமா, ஏழு பேருக்குமா?"

"மத்தவங்களப் பத்தித் தெரியல மேம். ஆனா அந்தப் பாட்டில்ல யாருக்கும் சரியா வந்திருக்க முடியாது."

மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். இட்லி டப்பாவை மூடினார். "ரெக்கார்டு எழுதிட்டியா?" என்று கேட்டார். கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பி, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு ஹெச்.ஓ.டி. அறைக்குப் போனார். நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே சத்தம் வந்தது, என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

"லேபோட கெமிக்கல்ல தப்பு. அதனால நாளைக்கு ரெண்டு மணிக்கு லேப் திறக்கறோம். எட்டுப் பேரும் வரணும். ரெண்டு டைட்ரேஷனும் திரும்ப. உனக்கு இன்டர்னல்ல மார்க் குறைப்பேன், தெரியுமில்ல?"

"சரி மேம்."

மற்ற ஆறு பேருக்கும் விஷயம் தெரிந்ததும் என்னைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். ரெக்கார்டு எழுதி முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள். "தண்ணியையும் நீயே ஊத்துவ, போய் நீயே சொல்லியும் குடுப்ப. ரொம்ப நல்லவ நீ," என்றாள் ஒருத்தி. வாழ்க்கையில் அபூர்வமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாள் அது.

வியாழக்கிழமை ஆசிட் பாட்டிலை அட்டெண்டர் அக்காவே கொண்டுவந்து டக்கென்று வைத்தார், என்னை ஒரு முறை முறைத்துவிட்டு. முதல் டைட்ரேஷன் மறுபடி 19.6. இரண்டாவதில் நான் என் பியூரெட்டை விட்டுவிட்டு அவள் பிளாஸ்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதா விழுந்தது, மறைந்தது. விழுந்தது, மறைந்தது. கரைசல் தெளிவாகவே இருந்தது. அவள் சொட்டுச் சொட்டாகக் குறைத்தாள். கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பு வந்து நின்றது. பிளாஸ்கைச் சுற்றிச் சுற்றி ஆட்டினாள். போகவில்லை. 16.8. மறுபடி செய்தாள். 16.8. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு வந்தது 16.9, இரண்டு தடவையும். நிஜமாகவே 16.9. அதையே எழுதினேன். 2.397 கிராம்.

மேடம் அவள் அப்சர்வேஷனில் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு ஆகிவிட்டது. ரெக்கார்டில் எழுதும்போது முதலில் வந்த பிரவுனையும் அதன் காரணத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு பேரும் லேபுக்கு வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்தோம். புதன்கிழமை விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கச் சொல் கிடைக்காமல் மார்ஜின் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் எழுதுவதை எட்டிப் பார்த்தேன். ‘முதல் முயற்சியில் பிரவுன் கலங்கல் ஏற்பட்டது. காரணம்: பாட்டிலில் அமிலத்துக்குப் பதிலாகத் தண்ணீர் இருந்தது.’ அதோடு நிறுத்தியிருந்தாள்.

"யாரு ஊத்தினதுன்னும் எழுதிக்கோ. நான்தான் ஊத்தினேன்," என்றேன். அப்படியாவது தண்டனை கிடைக்கட்டும் என்றிருந்தது எனக்கு.

அவள் பேனாவை மூடவில்லை. "அத நான் பாக்கல," என்றாள்.

"நான்தான் சொல்றேனே."

"நீ சொன்னத வச்சு நான் எப்டி எழுதறது?" கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். "செவ்வாக்கெழமையும் ஒண்ணு சொன்ன."

அவள் ரிசல்ட்டை எழுதினாள், ஸ்கேல் வைக்காமலே ஒரு கோடு போட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் பரீட்சை எழுதினாள், நல்ல மார்க்கில் பாஸ் செய்தாள். என்னோடு சண்டை என்று எதுவும் இல்லை. மறுபடி பேசினாள், சிரித்தாள், மீன் வறுவல் கொண்டுவந்தாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. பரீட்சை முடிந்த பிறகும் சில நாள் தாம்பரத்தில் ஒன்றாகப் பஸ்ஸுக்கு நின்றோம். நான் உயரமானவள் என்பதால் தூரத்திலேயே போர்டைப் படித்து, "உன் பஸ் வருது," என்று சொல்வேன். அவள் சரி என்பாள். பிறகு என்னைத் தாண்டி ரோட்டில் ஓரடி இறங்கி, தானே எட்டிப் பார்த்துக்கொள்வாள்.